அகதா கிறிஸ்டியை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

அகதா கிறிஸ்டி எழுதிய துப்பறியும் நாவல்கள் 66. இவை தவிர 14 சிறுகதைத் தொகுப்புகள், மேடை நாடகங்கள், மேரி வெஸ்ட்மகாட் என்ற புனைபெயரில் துப்பறிதலுக்குச் சம்பந்தமே இல்லாத 6 நாவல்கள். முதல் நாவல் 1920-இல் வந்தது, கடைசி நாவல் அவர் இறந்த 1976-இல். யாராவது புதிதாக "எதில் ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எதை வேண்டுமானாலும் எடுங்கள், எல்லாமே தனிக்கதைதான்" என்பது. அந்தப் பதில் பாதிதான் சரி. கதைகள் தனித்தனிதான். ஆனால் சில புத்தகங்கள் மற்ற புத்தகங்களின் முடிவைச் சொல்லிவிடுகின்றன. சிலவற்றின் அதிர்ச்சி, அவருடைய முறை கொஞ்சம் பழகியவருக்குத்தான் முழுதாக உறைக்கும். சில புத்தகங்களை முதலில் எடுத்தால் அடுத்ததை எடுக்கவே தோன்றாது. அதனால் வரிசை முக்கியம். கீழே எந்தக் கதையின் குற்றவாளியையும் நான் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

முதல் யோசனை எல்லாருக்கும் வருவதுதான்: வெளிவந்த வரிசையிலேயே படித்துவிடுவது. முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நல்ல புத்தகம். முதல் உலகப் போரில் காயம்பட்டு விடுப்பில் வந்திருக்கும் ஹேஸ்டிங்ஸ் ஒரு கிராமத்துப் பெரிய வீட்டில் தங்குகிறார். வீட்டு எஜமானி ஸ்டிரிக்னைன் விஷத்தால் இறக்கிறாள். பக்கத்திலேயே அகதியாக வந்து தங்கியிருக்கும் பெல்ஜியக் காவல் அதிகாரி ஒருவர் துப்புத் துலக்க வருகிறார், அவர்தான் ஹெர்க்யூல் பாய்ரோ. போர்க்காலத்தில் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தவர் கிறிஸ்டி. அந்த விஷயஞானம் கதை முழுக்கத் தெரிகிறது. என்றாலும் இது முதல் நாவலுக்கே உரிய நெரிசலோடு இருக்கிறது. தடயங்கள் அளவுக்கு மேல் குவிகின்றன, காபிக் கோப்பை, மெழுகுக் கறை, எரிந்த காகிதம், கிழிந்த துணி என்று எதை நினைவில் வைப்பது என்றே தெரியாது.

வரிசையில் படிப்பவருக்கு உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான். அடுத்த நான்கு நாவல்களில் மூன்று, உளவும் சதியும் ஓட்டமுமான சாகசக் கதைகள். பாய்ரோ வருவது 1923-இன் 'தி மர்டர் ஆன் தி லிங்க்ஸ்' ஒன்றில் மட்டும். ஆறாவதாக 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' என்ற பெரிய புத்தகம் வருகிறது. அதற்கு அடுத்ததே 'தி பிக் ஃபோர்', பத்திரிகையில் தனித்தனியாக வந்த சிறுகதைகளைக் கோத்து நாவலாக்கியது. தாயை இழந்து, மணவாழ்க்கையும் முறிந்துகொண்டிருந்த காலத்தில் ஒப்பேற்றிய புத்தகம், படித்தாலே தெரியும். அதற்கும் அடுத்ததான 'தி மிஸ்டரி ஆஃப் தி புளூ டிரெய்ன்' அவருக்கே பிடிக்காதது. வரிசையாகப் போகிறவர்கள் இந்த ஏழாவது எட்டாவதிலேயே சோர்ந்து நின்றுவிட வாய்ப்பு அதிகம். அவருடைய உச்சமோ 1930-களின் நடுவில்தான் தொடங்குகிறது. எழுத்தாளர் வளர்ந்த விதத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு இந்த வரிசை அருமையானது, ஆனால் அது இரண்டாம் முறை படிப்பதற்கு.

அப்புறம், புகழ்பெற்றதில் தொடங்குவது. இங்கே மூன்று பெயர்கள் அடிபடும்.

'அண்ட் தென் தேர் வேர் நன்' 1939-இல் வந்தது. பெரும்பாலும் ஒருவரை ஒருவர் அறியாத பத்துப் பேர் ஒரு தீவுக்கு வரவழைக்கப்படுகிறார்கள், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். பாய்ரோவும் இல்லை, கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான மிஸ் மார்ப்பிளும் இல்லை, துப்பறிகிறவர் என்றே யாரும் இல்லை. எந்த முன்னறிவும் தேவையில்லாத, விறுவிறுவென்று ஓடும் புத்தகம். வாழ்க்கையில் ஒரே ஒரு கிறிஸ்டி படிக்கப் போகிறேன் என்பவருக்குத் தயங்காமல் இதைத்தான் கொடுப்பேன். தொடர்ந்து படிக்க நினைப்பவருக்குத்தான் தயக்கம், ஏனென்றால் இதைப் போல இன்னொன்றை அவர் அதிகம் எழுதவில்லை. இதில் மூச்சுமுட்டும் பயம் இருக்கிறது. மற்றவற்றில் பெரும்பாலும் ஒரு கொலை, அதன் பிறகு பேச்சு, விசாரணை, இன்னும் பேச்சு. இந்தப் பயத்தை எதிர்பார்த்து அடுத்த புத்தகத்துக்குப் போகிறவருக்கு, வரவேற்பறையில் உட்கார்ந்து பாய்ரோ கேள்வி கேட்பது சப்பென்று இருக்கும்.

'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1934-ஐச் சேர்ந்தது. பனியில் சிக்கி நின்ற ரயில், பூட்டிய பெட்டிக்குள் ஒரு பிணம். தொடக்கம் அபாரம். ஆனால் புத்தகத்தின் அமைப்பைப் பாருங்கள். மூன்று பகுதிகள்: நடந்தது, சாட்சியம், பாய்ரோ சாய்ந்து உட்கார்ந்து யோசிப்பது. நடுப்பகுதி முழுக்கப் பயணிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து வாக்குமூலம் தருகிறார்கள். பெயர்கள் பல நாட்டுப் பெயர்கள், பெட்டி எண்களும் நேரங்களும் வேறு. கிறிஸ்டி எங்கே ஒளித்து வைப்பார் என்று தெரிந்த வாசகருக்கு இந்தப் பகுதி விருந்து. தெரியாதவர் பத்தாவது சாட்சியில் பக்கங்களைத் தள்ள ஆரம்பித்துவிடுவார். தள்ளிய பக்கத்தில்தான் விஷயம் இருந்திருக்கும்.

'ரோஜர் ஆக்ராய்ட்' பற்றி அதிகம் சொல்லக் கூடாது. துப்பறியும் கதை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வாசகர் மனத்தில் ஒரு பழக்கம் உருவாகியிருக்கும் அல்லவா, அந்தப் பழக்கத்தின் மேல் நிற்கிற புத்தகம் இது. ஒன்றிரண்டு கிறிஸ்டியாவது படித்து அந்தப் பழக்கம் வந்தவருக்குத்தான் அதன் துணிச்சல் முழுசாகப் புரியும். அதற்காக இருபது புத்தகம் கழித்துப் படிக்கலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. இதன் முடிவு எங்கே வேண்டுமானாலும் காதில் விழுந்துவிடும். நண்பர்கள் சொல்லிவிடுவார்கள், துப்பறியும் கதைகளைப் பற்றிய கட்டுரைகள் சொல்லிவிடும். போதாக்குறைக்குக் கிறிஸ்டியே சொல்லிவிடுகிறார்.

அந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1937-இல் வந்த 'டம் விட்னஸ்' நாவலில் ஓர் இடத்தில் பாய்ரோ தன் பழைய வழக்குகளை நினைத்துக்கொண்டு நான்கு கொலையாளிகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். 'ஸ்டைல்ஸ்', 'ஆக்ராய்ட்', 'புளூ டிரெய்ன்', 'டெத் இன் தி கிளவுட்ஸ்' ஆகிய நான்கு புத்தகங்களும் அந்த ஒரே பத்தியில் போய்விடும். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' நாவலில் ஒரு கத்தியைப் பற்றிய பேச்சில் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' முடிச்சு ஒற்றை வரியில் அவிழ்ந்துவிடுகிறது. இரண்டுமே கடையில் பார்த்தால் சாதாரணமாக, தனியாக, எடுத்துப் படிக்கத் தூண்டும் புத்தகங்கள்தான். 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' உண்மையிலேயே நல்ல நாவலும்கூட. முதலில் அதை எடுத்தவர், ஓரியண்ட் எக்ஸ்பிரஸைக் கெடுத்துக்கொண்டோம் என்பதே தெரியாமல் கெடுத்துக்கொள்வார். "எதை வேண்டுமானாலும் எடுங்கள்" என்ற யோசனையை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கடைசிக் காலப் புத்தகங்கள். அட்டையைப் பார்த்தால் 1936-இன் நாவலும் 1972-இன் நாவலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நிலைமை வேறு. 1970-இன் 'பாசஞ்சர் டு ஃபிராங்க்ஃபர்ட்', 1972-இன் 'எலிஃபண்ட்ஸ் கேன் ரிமெம்பர்', 1973-இன் 'போஸ்டர்ன் ஆஃப் ஃபேட்' மூன்றும் எண்பதை எட்டியும் தாண்டியும் எழுதியவை. பாத்திரங்கள் பழைய கதையை நீளநீளமாகப் பேசுகிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள், வயதும் ஆண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது. அவரை நேசிக்கிறவர்கள் பாசத்தோடு படிக்கலாம். முதல் புத்தகமாக அமைந்துவிட்டால், இவரையா இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்றுதான் தோன்றும். அதனால் கையில் எடுக்கும் புத்தகத்தின் உள்பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 1934-லிருந்து 1950 வரை என்றால் பெரும்பாலும் நம்பி எடுக்கலாம். அதற்குப் பிறகும் விதிவிலக்குகள் உண்டு, 1967-இன் 'எண்ட்லெஸ் நைட்' அவற்றில் முக்கியமானது. ஆனால் அதுவும் பிற்பாடு படிக்க வேண்டியது.

அதே பக்கத்தில் பழைய தலைப்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்கப் பதிப்புகளில் பல நாவல்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அங்கே 'தர்ட்டீன் அட் டின்னர்', 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' அங்கே 'மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்'. பழைய பிரதிகளை வாங்குகிறவர் ஒரே நாவலை இரண்டு பெயரில் வாங்கிவிடக் கூடும்.

சிறுகதையில் தொடங்கலாமா? நேரம் குறைவாக இருப்பவருக்கு இது நியாயமான யோசனையாகப் படும். எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. கிறிஸ்டியின் கெட்டிக்காரத்தனமே கவனத்தைத் திருப்புவதில் இருக்கிறது. முக்கியமான ஒரு வாக்கியத்தை யாரும் கண்டுகொள்ளாத பேச்சுக்கு நடுவில் வைத்துவிட்டு, நூறு பக்கம் வேறு பக்கம் கூட்டிப்போவார். அதற்கு இடம் வேண்டும். இருபது பக்கக் கதையில் மூன்று பேர்தான் இருப்பார்கள், யார் என்று ஊகிப்பது பெரிய காரியமில்லை. 'தி விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' மாதிரி அபூர்வமாக ஒன்று விதிவிலக்காக அமையும். மிஸ் மார்ப்பிளை அறிமுகம் செய்துகொள்ள மட்டும் 1932-இன் 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' தொகுப்பு நல்லது. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு புதிரைச் சொல்ல, மூலையில் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கும் கிழவி விடை சொல்கிறாள்.

துப்பறிபவர் வாரியாகப் பிரித்துக்கொள்வதும் ஒரு வழி. பாய்ரோ 33 நாவல்களில் வருகிறார், மார்ப்பிள் 12 நாவல்களில். மார்ப்பிள் நாவல்களின் வரிசை பெரிதாகப் பொருட்டில்லை. டாமி-டப்பன்ஸ் தம்பதி வருகிற நான்கு நாவல்களையும் ஒரு சிறுகதைத் தொகுப்பையும் மட்டும் வரிசைப்படி படிக்க வேண்டும். அவர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் வயதாகி, இளைஞர்களாகத் தொடங்கிக் கிழவன் கிழவியாக முடிகிறார்கள்.

சரி, என் பரிந்துரை 1936-இல் வந்த 'தி ஏ.பி.சி. மர்டர்ஸ்'. பாய்ரோவுக்கு ஒரு கடிதம் வருகிறது. இந்த மாதம் 21-ஆம் தேதி ஆண்டோவர் என்ற ஊரைக் கவனித்துக்கொள் என்கிறது, கையெழுத்து ஏ.பி.சி. சொன்ன நாளில் அந்த ஊரில் சின்னப் புகையிலைக் கடை வைத்திருக்கும் ஆலிஸ் ஆஷர் என்ற கிழவி கொல்லப்படுகிறாள். பக்கத்தில் ஏ.பி.சி. என்ற ரயில் கால அட்டவணை கிடக்கிறது. அடுத்து பெக்ஸ்ஹில்லில் பெட்டி பார்னார்ட், அதற்கடுத்து சர்ஸ்டனில் கார்மைக்கேல் கிளார்க். ஊருக்கும் ஆளுக்கும் ஒரே எழுத்து, வரிசைப்படி.

இதை முதலில் வைப்பதற்கு எனக்குக் காரணங்கள் உண்டு. நிகழ்ச்சிகள் ஊர் ஊராக நகர்வதால் வேகம் இருக்கிறது, ஒரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற விசாரணையாக இல்லை. ஹேஸ்டிங்ஸ் கதை சொல்கிறார், அதனால் பாய்ரோ எப்படிப்பட்டவர், இருவருக்கும் இடையே என்ன உறவு என்பது முந்தைய புத்தகம் எதையும் படிக்காமலே பிடிபட்டுவிடுகிறது. வேறெந்தக் கதையின் முடிவையும் இது உடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கிறிஸ்டியின் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கண்ணெதிரிலேயே காட்டுகிற புத்தகம் இது.

உதாரணத்துக்கு இரண்டாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஹேஸ்டிங்ஸ் தன் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறார். திடீரென்று, இது ஹேஸ்டிங்ஸின் சொந்தக் குறிப்பிலிருந்து எடுத்ததல்ல என்ற தலைப்போடு ஒரு மிகச் சிறிய அத்தியாயம். அலுப்பான ஓர் அறையில் அலெக்சாண்டர் போனபார்ட் கஸ்ட் என்ற ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரின் முதலெழுத்துகளை நீங்களே கூட்டிப் பாருங்கள். கொலை நடப்பதற்கு முன்பே, புத்தகம் சரியாகத் தொடங்குவதற்கு முன்பே, இந்த ஆளை ஏன் நம் கண்ணில் காட்டுகிறார்? இவர்தான் என்றால் அப்புறம் கதையில் என்ன இருக்கிறது? இவர் இல்லை என்றால் இந்த அத்தியாயங்கள் எதற்கு? இந்த இரண்டு கேள்விகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். முடித்த பிறகு இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி வாசியுங்கள். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இருக்காது. நாம்தான் அதற்குள் இல்லாததைச் சேர்த்துப் படித்திருப்போம். இது பிடிபட்டால் மற்ற புத்தகங்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

இதே நாவலின் தொடக்கத்தில் இன்னொரு சுவையான இடம் உண்டு. உணவகத்தில் சாப்பாட்டுக்குச் சொல்வது மாதிரி ஒரு குற்றத்தைச் சொல்லி வாங்கலாம் என்றால் எதைக் கேட்பாய் என்று பேச்சு வருகிறது. ஹேஸ்டிங்ஸ் ரத்தமும் மர்மமுமாக அடுக்குகிறார். பாய்ரோ கேட்பதோ மிகச் சாதாரணமானது: நான்கு பேர் சீட்டாடுகிறார்கள், ஐந்தாவது ஆள் கணப்பின் அருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆட்டம் முடிந்து பார்த்தால் அவர் செத்திருக்கிறார். அதே ஆண்டு கிறிஸ்டி அந்தக் கதையை எழுதியும் விட்டார், மேலே சொன்ன 'கார்ட்ஸ் ஆன் தி டேபிள்' அதுதான்.

இரண்டாவதாக 1942-இன் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. ஓவியர் ஏமியஸ் கிரேலை விஷம் வைத்துக் கொன்றதாக அவர் மனைவிக்குத் தண்டனையாகிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன, அவளும் சிறையிலேயே இறந்துவிட்டாள். மகள் வந்து, என் அம்மா செய்திருக்க மாட்டாள், உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்கிறாள். தடயம் என்று எதுவும் மிச்சமில்லை. அன்று அங்கிருந்த ஐந்து பேரையும் பாய்ரோ பார்க்கிறார், ஒவ்வொருவரும் அந்த நாட்களை எழுதித் தருகிறார்கள். அதே தோட்டம், அதே சண்டை, அதே பீர் கோப்பை ஐந்து முறை வருகிறது. ஒருவர் கோபம் என்று எழுதியதை இன்னொருவர் சோர்வு என்று எழுதியிருப்பார். ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அன்று உண்மையில் என்ன பேசப்பட்டது என்று விளங்கும். கிறிஸ்டியின் பாத்திரங்கள் வெறும் அட்டைப் பொம்மைகள் என்று சொல்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாவல், இலக்கியம் என்று படித்துப் பழகி, துப்பறியும் கதை பக்கமே வராதவராக இருந்தால் ஏ.பி.சி.க்குப் பதில் இதிலேயே தொடங்குங்கள். வேகம் குறைவு, கனம் அதிகம்.

இந்த இரண்டும் முடிந்ததும் 'ரோஜர் ஆக்ராய்ட்', அதற்குப் பின் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்'. நீண்ட இடைவெளி விடாமல் படித்துவிடுங்கள், யாராவது சொல்லிவிடுவதற்கு முன்னால். அதன் பிறகு 'ஸ்டைல்ஸ்'. தடயக் குவியல் இப்போது குழப்பாது, எது வேடிக்கைக்கு வைத்தது, எது நிஜமானது என்று ஓரளவு பிரிக்கத் தெரிந்திருக்கும். மார்ப்பிளுக்கு 1950-இன் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்ட்': இன்ன வீட்டில் இன்ன நேரத்தில் ஒரு கொலை நடக்கும் என்று ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது, அக்கம்பக்கத்தினர் ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கிளம்பி வருகிறார்கள். மார்ப்பிள் நாவல்களில் எனக்கு மிகப் பிடித்தது இது. 'டெத் இன் தி கிளவுட்ஸ்', 'புளூ டிரெய்ன்' இரண்டையும் எப்போதாவது படிக்கும் எண்ணம் இருந்தால், அவற்றை முடித்துவிட்டு 'டம் விட்னஸ்' பக்கம் போங்கள். படிக்கப் போவதில்லை என்றால் கவலையில்லை.

ஒன்று மட்டும் கையில் கிடைத்தாலும் எடுக்காமல் வைக்க வேண்டியது: 'கர்ட்டன்'. பாய்ரோவின் கடைசி வழக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்து, 1975-இல்தான் வெளியிட்டார். அதனால் அதே ஆண்டுகளில் வந்த தளர்ந்த புத்தகங்களின் சாயல் இதில் கிடையாது. உள்பக்கத்து ஆண்டைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். கதை மறுபடி ஸ்டைல்ஸ் வீட்டிலேயே நடக்கிறது, ஹேஸ்டிங்ஸ் திரும்ப வருகிறார். குறைந்தது 'ஸ்டைல்ஸ்' நாவலும், ஹேஸ்டிங்ஸ் சொல்லும் இன்னொரு கதையும் படித்திருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பாய்ரோ நாவல்கள் முடித்துவிட்டு எடுத்தால் இன்னும் நல்லது.